பெயர் மாறிய கம்பெனியில் செய்த வேலை: சி.வி.யில் வரும் கோளாறுகளும் திருத்தும் முறையும்

டர்பனில் சம்பளக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில் அமர்ந்து, வேலை தேடுகிறவர்களின் சி.வி.யைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். கொண்டுவரப்படும் தாள்களில் எழுத்துப் பிழைகள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீராமல் மீண்டும் மீண்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு. வேலை பார்த்த கம்பெனி இடையில் பெயரை மாற்றிக்கொண்டிருக்கும், அல்லது இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அந்த மாற்றத்தை எழுதத் தெரியாமல் எழுதியதால், ஒரே இடத்தில் நிலையாக இருந்தவர் ஓடிக்கொண்டே இருந்தவராகத் தாளில் தெரிவார்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நான் கேட்பது மூன்று காகிதங்கள்: அந்த வேலையில் கிடைத்த முதல் சம்பளச் சீட்டு, கடைசிச் சம்பளச் சீட்டு, இடைப்பட்ட ஆண்டுகளின் ஐ.ஆர்.பி.5 வரிச் சான்றிதழ்கள். சம்பளச் சீட்டில் முதலாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். ஐ.ஆர்.பி.5 அதைவிட உறுதியான சாட்சி. ஏனெனில் அதில் முதலாளியின் பெயரோடு, ஊழியர் சம்பளத்தில் வரி பிடித்துச் செலுத்துவதற்காக முதலாளிக்குத் தரப்படும், 7 என்ற இலக்கத்தில் தொடங்கும் பி.ஏ.ஒய்.இ. எண்ணும், அந்த வரி ஆண்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தீர்கள் என்பதும் அச்சாகியிருக்கும். பழைய சான்றிதழ்கள் தொலைந்துபோயிருந்தால் வரித் துறையான சார்ஸின் இ-ஃபைலிங் கணக்கில் தேடிப் பார்க்கலாம். கம்பெனி கொடுத்த கடிதம் ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு பக்கச் சுற்றறிக்கையாக இருந்தாலும் சரி.

அறிகுறி 1: “இத்தனை முறை வேலை மாறியிருக்கிறீர்களே?” என்று நேர்முகத்தில் கேட்கிறார்கள்

இதற்கு எளிய காரணம் ஒன்றுதான். கம்பெனியின் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிய தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தாளைப் படிப்பவருக்குப் பலகை மாறியதா, நீங்கள் மாறினீர்களா என்று தெரிய வழியில்லை. தலைப்புகளை எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

திருத்துவதற்கு முன் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உண்மையில் எது மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயர் மட்டும் மாறியிருக்கலாம். பங்குகள் கைமாறி, உரிமையாளர் மாறி, உங்களுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி அப்படியே இருந்திருக்கலாம். அல்லது தொழிலே இன்னொரு கம்பெனிக்கு விற்கப்பட்டு, உங்கள் முதலாளி மாறியிருக்கலாம். இவற்றைப் பிரித்துக் காட்டுவது பி.ஏ.ஒய்.இ. எண். பெயர் மாறியும் எண் மாறவில்லை என்றால், அது அநேகமாக வெறும் பெயர் மாற்றம். ஒரே வரி ஆண்டுக்கு இரண்டு ஐ.ஆர்.பி.5 வந்து, இரண்டிலும் எண்கள் வேறாக இருந்து, ஒன்று முடியும் தேதிக்கு அடுத்த நாளே மற்றொன்று தொடங்கினால், முதலாளி மாறியிருக்கிறார் என்று பொருள். சில குழுமங்கள் உள்கணக்கு வசதிக்காகவும் எண்ணை மாற்றுவதுண்டு. ஆகையால் எண் மாறிய இடங்களில் கம்பெனியின் பதிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சென்ற ஆண்டு ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஓர் அம்மாவின் தாளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லாமல் எழுத்துகளால் குறிக்கிறேன். அவருடைய சி.வி.யில் நான்கு தலைப்புகள் இருந்தன: ‘அ’ கம்பெனி 2009 முதல் 2014 வரை, ‘ஆ’ கம்பெனி 2014 முதல் 2018 வரை, ‘இ’ கம்பெனி 2018 முதல் 2021 வரை, ‘ஈ’ கம்பெனி 2021 முதல் 2023 வரை. ஆனால் அவர் பதினான்கு ஆண்டு ஒன்பது மாதங்கள் ஒரே கட்டடத்துக்கு, ஒரே டாக்சியில், பிளாஸ்டிக் பொதிப் பொருள் செய்யும் அதே தொழிற்சாலைக்குத்தான் போய் வந்திருக்கிறார். நான்கு தலைப்புகளின் கீழும் ஏறத்தாழ ஒரே வேலை விவரம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. பொதி கட்டும் பிரிவின் எழுத்தராகச் சேர்ந்து, 2016இல் சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளரானார். அந்த உயர்வு இரண்டாவது தலைப்பின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் புதைந்து கிடந்தது.

அவருடைய ஐ.ஆர்.பி.5களை ஆண்டு வாரியாக மேசையில் பரப்பினோம். வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரிக் கடைசியில் முடிகிறது. 2014 பிப்ரவரியில் முடிந்த சான்றிதழில் ‘அ’ என்ற பெயரும், அடுத்த ஆண்டின் சான்றிதழில் ‘ஆ’ என்ற பெயரும் இருந்தன. இரண்டிலும் எண் ஒன்றே. ஆகவே 2014இல் நடந்தது பெயர் மாற்றம் மட்டுமே. 2019 பிப்ரவரியில் முடிந்த ஆண்டுக்கு இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. முதலாவது 2018 ஜூலை 31 வரை ‘ஆ’ கொடுத்தது. இரண்டாவது ஆகஸ்ட் 1 முதல் ‘இ’ கொடுத்தது. எண் வேறு. அங்கேதான் முதலாளி மாறியிருக்கிறார். பிறகு 2022ஆம் ஆண்டுச் சான்றிதழை எடுத்தபோது அந்த அம்மாவே வியந்துபோனார், ஏனென்றால் அதில் ‘ஈ’ என்ற பெயரே இல்லை. வாயிலில் பெரிய பலகையும், சட்டைப்பையில் புதிய சின்னமும் வந்திருந்தாலும், சம்பளம் கொடுத்தது கடைசி வரை ‘இ’ கம்பெனிதான். ஜோகன்னஸ்பர்க் குழுமம் ஒன்று ‘இ’யின் பங்குகளை வாங்கித் தன் பலகையை மாட்டியிருக்கிறது. அதாவது அவர் தம் சி.வி.யின் தலையில், தமக்கு ஒருநாளும் முதலாளியாக இல்லாத ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார்.

நான்கு தலைப்புகளையும் நீக்கிவிட்டு ஒன்றாக எழுதினோம். முதல் வரியில், வேலையை விட்டபோது முதலாளியாக இருந்த ‘இ’ கம்பெனியின் முழுப் பதிவுப் பெயர், ஊர், 2009 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை என்ற காலம். இரண்டாம் வரி, சற்றுச் சிறிய எழுத்தில், இப்படி அமைந்தது: “2018 ஆகஸ்டில் ‘ஆ’ கம்பெனியிடமிருந்து (2014 வரை ‘அ’) தொழில் முழுவதும் ‘இ’க்கு மாற்றப்பட்டது, பணித் தொடர்ச்சி முறியவில்லை, 2021 முதல் ‘ஈ’ குழுமத்தைச் சேர்ந்தது.” அதற்குக் கீழே இரண்டு பதவிகள், ஒவ்வொன்றுக்கும் அதன் காலம், அதில் செய்த வேலை. கம்பெனியின் வரலாற்றுக்கு அந்த ஒரு வரிக்கு மேல் இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. யார் யாரை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதையெல்லாம் எழுதி வருகிறவர்கள் உண்டு. அது பங்குச் சந்தைக்குப் போக வேண்டிய செய்தி.

அந்த ஒரு வரியில் சொற்களை அளந்து போட வேண்டும். சி.வி. இங்கே ஆங்கிலத்தில்தான் போகிறது. ‘ஃபார்மர்லி’ என்று எழுதினால் அதே கம்பெனியின் பழைய பெயர் என்று பொருள்படும். பெயர் மாற்றத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பங்குகள் கைமாறியிருந்தால் ‘பார்ட் ஆஃப்’ என்றோ ‘அக்வயர்ட் பை’ என்றோ எழுதலாம். தொழில் விற்கப்பட்டு நீங்களும் அதோடு சென்றிருந்தால் ‘டிரான்ஸ்ஃபர்ட் டு’ என்பதே சரியான சொல். ‘மெர்ஜ்ட்’ என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். இரண்டு கம்பெனிகள் சட்டப்படி இணைந்து ஒன்றானால்தான் அது பொருந்தும்.

இணையத்தில் நிரப்பும் விண்ணப்பங்களில் முதலாளியின் பெயருக்கு ஒரே கட்டம்தான் இருக்கும். அதில் கடைசி முதலாளியின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய பெயரைச் சேர்த்து, முழுக் காலத்தையும் ஒரே பதிவாக இடுங்கள். கட்டத்தில் இடம் போதாவிட்டால் அடைப்புக்குறியை விட்டுவிட்டு, வேலை விவரம் எழுதும் பகுதியின் முதல் வாக்கியமாக அந்த மாற்றத்தைச் சொல்லலாம்.

அறிகுறி 2: கடையின் பெயர் மாறவே இல்லை, ஆனாலும் சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை

முந்தைய கோளாறின் மறுபக்கம் இது. பலகை அப்படியே இருக்கும், பின்னால் இருக்கும் முதலாளி மாறியிருப்பார். 2020இல் எட்கான் நிறுவனம் தொழில் மீட்பு நடவடிக்கைக்குள் சென்றபின், அதன் எட்கர்ஸ் கடைகளில் ஒரு பகுதியை ரீடெய்லபிலிட்டியும், ஜெட் கடைகளில் ஒரு பகுதியை டி.எஃப்.ஜி.யும் வாங்கின. வாங்கப்பட்ட கடையோடு சென்ற காசாளர் ஒருவர் “எட்கர்ஸ், 2012 முதல் 2024 வரை” என்று எழுதினால், வாடிக்கையாளர்களுக்கு அது உண்மையாகவே தோன்றும். ஆனால் சரிபார்ப்பவர் ரீடெய்லபிலிட்டியின் மனிதவளப் பிரிவைக் கேட்க வேண்டுமா, எட்கானின் பழைய ஆவணங்களைத் தேட வேண்டுமா என்று தெரியாமல் நிற்பார்.

இதற்குத் தீர்வு எளிது. தலைப்பில் கடையின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் படிப்பவருக்கு அதுதான் தெரியும். அடுத்த வரியில் முதலாளி யார் என்று எழுதுங்கள்: “முதலாளி: 2020 செப்டம்பர் வரை எட்கான், பின்னர் ரீடெய்லபிலிட்டி.” மாதத்தை மட்டும் உங்கள் சொந்தச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். பத்திரிகையில் வந்த விற்பனைச் செய்தியின் தேதியும், உங்கள் கடை உண்மையில் கைமாறிய தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அறிகுறி 3: குழுமத்தின் பெயரை எழுதியதால் குழப்பம்

வங்கிகளில் வேலை பார்த்தவர்களிடம் இது அதிகம். ஆப்சா குழுமம் 2013இல் பார்க்லேஸ் ஆஃப்ரிக்கா குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2018இல் மீண்டும் ஆப்சா குழுமம் ஆனது. அந்த ஐந்தாண்டுகளை மட்டும் தனியே பிரித்து “பார்க்லேஸ் ஆஃப்ரிக்கா” என்று தலைப்பிட்டு எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் மாறியது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தலைமைக் கம்பெனிக்கு; கிளையில் வேலை செய்தவருக்குச் சம்பளம் கொடுத்த வங்கி எப்போதும் ஆப்சாதான். பிரித்து எழுதியதைச் சேர்த்துவிட்டால் போதும், விளக்க வரிகூடத் தேவையில்லை. உங்கள் ஐ.ஆர்.பி.5இல் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுதுங்கள். சுவரில் மாட்டியிருந்த சின்னத்தை நம்ப வேண்டாம்.

துறைமுகத்தில் வேலை பார்த்த நம்மவர்களுக்கும் இதே விதி பொருந்தும். போர்ட்நெட் என்பது டிரான்ஸ்நெட்டின் ஒரு பிரிவுக்கு இருந்த பெயர். அந்தப் பிரிவு பிறகு பிரிக்கப்பட்டு, பெயர்கள் மாறி, இன்று சரக்கு முனையங்களை டிரான்ஸ்நெட் போர்ட் டெர்மினல்ஸ் நடத்துகிறது. முதலாளி டிரான்ஸ்நெட் என்று ஒரே தலைப்பில் எழுதி, பிரிவின் அன்றைய பெயரைப் பதவியின் பக்கத்தில் போடுங்கள்.

அறிகுறி 4: “அந்த நிறுவனமே இப்போது இல்லையே” என்கிறார்கள்

முதலில் அரசு நிறுவனங்களையும் கல்வி நிறுவனங்களையும் சொல்லிவிடுகிறேன், அவற்றைத் திருத்துவது எளிது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் நேட்டால் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரி 1இல் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமாயின. எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் டெக்னிக்கான் நேட்டாலும் 2002இல் இணைந்ததே இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இணைப்புக்கு முன்பே வேலையை விட்டவர்கள் அன்றைய பெயரை முதலில் எழுதி, “இன்று குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம்” என்று பக்கத்தில் சேர்க்க வேண்டும். இணைப்பின்போதும் பணியில் இருந்தவர்கள் இன்றைய பெயரை முதலில் எழுதலாம். இணைப்புக்கு முந்தைய ஆண்டுகளையும் இன்றைய பெயரில் மட்டும் எழுதுவது தவறு. 1995இல் அந்தப் பெயரில் பல்கலைக்கழகம் கிடையாது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருந்தால், சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

பழைய இந்தியப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு, அன்றைய முதலாளி, நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென இருந்த ‘ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்’ என்ற அவையின் கல்வித் துறை. 1994க்குப் பிறகு அந்தப் பள்ளிகள் மாகாணக் கல்வித் துறையின் கீழ் வந்தன. அந்தப் பெயரை எழுதக் கூச்சப்பட்டுச் சிலர் 1994க்கு முந்தைய ஆண்டுகளையே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வெறும் பள்ளியின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். பள்ளியின் பெயரைத் தலைப்பாக வைத்து, “குவாசூலு-நேட்டால் கல்வித் துறை (1994க்கு முன் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்)” என்று எழுதினால் எந்தக் கேள்வியும் எழாது. சரிபார்ப்புக்குத் துறையிடமிருந்து பணிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கம்பெனி என்றால் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில், நீங்கள் எழுதியது பதிவுப் பெயர்தானா என்று பாருங்கள். கடைப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறு என்பது இங்கே மிகச் சாதாரணம். பழைய கடிதத்தாளின் அடியில் பதிவு எண் இருக்கும்: ஆண்டு, சாய்கோடு, ஆறு இலக்கங்கள், சாய்கோடு, கடைசியில் இரண்டு இலக்கங்கள். தனியார் கம்பெனிக்கு அந்தக் கடைசி இரண்டு இலக்கம் 07, சிறு தொழில்களுக்கான குளோஸ் கார்ப்பரேஷன் என்ற வகைக்கு 23. பெயர் எத்தனை முறை மாறினாலும் இந்த எண் மாறாது. ஆகவே கம்பெனிகளைப் பதிவு செய்யும் சி.ஐ.பி.சி.யின் பதிவேட்டில் பெயரை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடினால் இன்றைய பெயரும், கம்பெனி இயங்குகிறதா, பதிவு நீக்கப்பட்டதா, கலைப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரு விலக்கு உண்டு. குளோஸ் கார்ப்பரேஷன் ஒன்று கம்பெனியாக மாற்றப்பட்டால், அதே நிறுவனம் தொடர்ந்தாலும் எண்ணின் முடிவு 23இலிருந்து 07 ஆகிவிடும். சிறிய குடும்பத் தொழில்களில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்டு “வேறு கம்பெனி” என்று தவறாக முடிவு செய்துவிடுகிறார்கள்.

கம்பெனி இயங்குகிறது, ஆனால் டர்பன் தொலைபேசி எண்ணை எடுக்க ஆளில்லை என்றால், மனிதவளப் பிரிவு பெரும்பாலும் வாங்கியவரின் தலைமையகத்துக்குப் போயிருக்கும். அந்தத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் நீங்களே கண்டுபிடித்து, உங்கள் பணியாளர் எண்ணைச் சொல்லி, பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பரிந்துரையாளர் பட்டியலிலும் ஒரு திருத்தம் தேவைப்படும். உங்கள் பழைய மேலாளர் இன்று வேறு இடத்தில் இருப்பார். “அப்போது ‘ஆ’ கம்பெனியில் தொழிற்சாலை மேலாளர்” என்று அவருடைய பெயருக்குப் பக்கத்தில் குறிப்பிடாவிட்டால், அவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் விளங்காது.

கம்பெனி கலைக்கப்பட்டிருந்தால் வேலை கடினமாகிறது. கலைப்பாளர் யார் என்பதை உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் ஊழியர் பதிவுகளை, கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்றுதான் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் காலம் கடந்திருந்தால் உங்கள் சொந்தக் காகிதங்களே மிச்சம். ஐ.ஆர்.பி.5களும், ஓய்வூதிய நிதியின் பழைய கணக்கு அறிக்கையும் சேர்ந்தால் பெரும்பாலான சரிபார்ப்புகளுக்குப் போதுமானவை. அவையும் இல்லை என்றால், காவல் நிலையத்தில் உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் ஒரு சத்தியக் கடிதம் எழுதிக் கையெழுத்திடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. உடன் வேலை பார்த்தவர் ஒருவரும் அப்படியே எழுதிக் கொடுத்தால் அதன் எடை கூடும்.

இந்தக் காகிதங்கள் எதையும் சி.வி.யோடு சேர்த்து அனுப்ப வேண்டாம். ஐ.ஆர்.பி.5இல் உங்கள் அடையாள எண், வரி எண், சம்பளம் எல்லாமே இருக்கின்றன. வேலை உறுதியாகி, சரிபார்ப்பு நடக்கும்போது மட்டும், தொகைகளை மறைத்து, கேட்டவருக்கு நேராகக் கொடுங்கள்.

அறிகுறி 5: பணிச் சான்றிதழில் ஆண்டுகள் குறைந்திருக்கின்றன

சி.வி. சரியாக இருக்கிறது, 2009 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் புதிய முதலாளி கொடுத்த சான்றிதழ் 2018 ஆகஸ்ட் என்கிறது. மேலே சொன்ன அம்மாவுக்கும் இதுவே நடந்தது. சரிபார்ப்பவரின் கண்ணில் இது ஒன்பது ஆண்டுப் பொய்.

பெரும்பாலும் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. தொழிலை வாங்கிய கம்பெனி தன் சம்பள மென்பொருளில் புதிய ஊழியர்களை ஏற்றும்போது, கைமாறிய தேதியையே சேர்ந்த தேதியாக இட்டுவிடுகிறது. நானே அந்த நாற்காலியில் இருந்து அப்படி ஏற்றியிருக்கிறேன், பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தேதிகளைத் திருத்தியும் இருக்கிறேன். மென்பொருள் கேட்பது ஒரே ஒரு தேதி. வரிக்கணக்குக்குக் கைமாறிய தேதி வேண்டும், பணிக்காலக் கணக்குக்குப் பழைய தேதி வேண்டும். இரண்டாவது கட்டம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சோதனை இது: கைமாறிய நேரத்தில் கிடைத்த கடிதத்தில், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடந்துகொண்டிருக்கும் தொழில் அப்படியே கைமாறும்போது, பழைய முதலாளியின் இடத்தில் புதிய முதலாளி தானாகவே அமர்கிறார், ஊழியரின் பணித் தொடர்ச்சி அறுபடுவதில்லை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கடிதம் இல்லாவிட்டால் கடைசிச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பல கம்பெனிகளின் சீட்டில் சேர்ந்த தேதி அச்சாகியிருக்கும். அந்த அம்மாவின் சீட்டில் 2009 மார்ச் 2 என்றே இருந்தது. ஒரே கம்பெனி கொடுத்த இரண்டு காகிதங்கள் முரண்பட்டதால் வழக்கு எளிதாகிவிட்டது. சம்பளச் சீட்டின் நகலையும், 2018ஆம் ஆண்டுக் கடிதத்தையும் இணைத்து, “சேர்ந்த தேதியைத் திருத்திப் புதிய சான்றிதழ் தருக” என்று இரண்டே வாக்கியத்தில் மின்னஞ்சல் அனுப்பினோம். பதினோராம் நாளில் திருத்திய சான்றிதழ் வந்தது.

வராவிட்டால் என்ன செய்வது? வேலையை விடும் ஊழியருக்குச் சான்றிதழ் தர வேண்டியது அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி முதலாளியின் கடமை, அதில் பணி தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருக்க வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். சங்கத்தில் இருந்தவர்கள் முதலில் சங்கத்தைக் கேட்பதே குறுக்கு வழி. திருத்தம் வரும்வரை சி.வி.யில் உண்மையான தேதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழின் தவறுக்கு ஏற்ப உங்கள் ஆண்டுகளைக் குறைத்து எழுத வேண்டாம். சான்றிதழில் கைமாறிய தேதி மட்டும் இருப்பதை, கேட்கப்படும் முன்னரே சரிபார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 6: ஒரே இடம், ஒரே வேலை, ஆனால் இடையில் பணம் கொடுத்து அனுப்பி மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்

மேலே சொன்ன சேர்த்து எழுதும் முறை இங்கே செல்லாது. “எல்லாம் ஒரே தொழிற்சாலைதானே, அண்ணா, ஒன்றாக எழுதிவிடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். பழைய முதலாளி உங்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்துக் கணக்கு முடித்தாரா? நீங்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தீர்களா? புதிய முதலாளியிடம் சோதனைக் காலத்தோடு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், காகிதத்தில் அவை இரண்டு வேலைகள். இரண்டு தலைப்புகளாகவே எழுதுங்கள். ஆனால் தொடர்பைச் சொல்லலாம்: முதல் வேலையின் முடிவில் “கம்பெனி மூடப்பட்டதால் ஆட்குறைப்பு”, இரண்டாவதன் தொடக்கத்தில் “அதே தொழிற்சாலையை வாங்கிய கம்பெனி மீண்டும் பணியமர்த்தியது” என்று. படிப்பவருக்குக் கதை புரியும், சரிபார்ப்பவருக்கு முரண்பாடு கிடைக்காது. தொழிலாளர் தரகர் வழியாகத் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள், சம்பளம் கொடுத்த தரகரின் பெயரை எழுதி, வேலை நடந்த இடத்தை அதற்கு அடுத்துக் குறிப்பிட வேண்டும்.

இந்த அறிகுறி உள்ளவர்களை சி.வி. மேசையிலிருந்து எழுப்பி வேறிடத்துக்கு அனுப்ப வேண்டிய நேரமும் உண்டு. தொழில் கைமாறுவதையே காரணமாக வைத்து உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, பழைய ஆண்டுகளை அழித்துப் புதிய ஒப்பந்தம் நீட்டியிருந்தால், அது சட்டப்படி செல்லாத நீக்கமாக இருக்கக்கூடும். அதை எழுத்துத் திருத்தம் செய்து சரியாக்க முடியாது. நீக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் புகார் பதிவு செய்ய வேண்டும். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பின்னர் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனால் வழக்கறிஞர் தேவைப்படுவார். நாள் கடந்து வருகிறவர்கள், தாமதத்துக்கான காரணத்தைக் காட்டி மன்னிப்புக் கோரும் தனி விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு முன் வேலை போனது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் நான் சி.வி.யைக் கேட்பதில்லை, நீக்கக் கடிதத்தை வாங்கித் தேதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.